மூன்று முறை ஒரே அளவு வந்தால் விடை சரியா?

வேதியியல் ஆய்வகத்தில் செய்முறை முடிந்து மாணவர்கள் தங்கள் முடிவுகளை எடுத்துரைக்கும் நாளில், திரையில் ஓடும் படங்களைவிடக் கடைசிப் பத்து நிமிடம்தான் எனக்கு முக்கியம். "கேள்வி இருந்தால் கேட்கலாம்" என்று அவர்கள் சொன்ன பிறகு வரும் பத்து நிமிடம் அது. அளவீட்டைப் பற்றி நாம் எதை எதையெல்லாம் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது வெளியே வரும்.

இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவிகள் மூவர் எலுமிச்சைச் சாற்றில் எவ்வளவு வைட்டமின் சி இருக்கிறது என்று அளந்திருந்தார்கள். முறை எளியது. பிப்பெட்டால் 10 மி.லி. சாற்றைக் கூம்புக்குடுவையில் எடுத்து, சில துளி ஸ்டார்ச் கரைசல் சேர்த்து, பியூரெட்டிலிருந்து அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலம் இருக்கும்வரை வந்து விழும் அயோடினை அது தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்ததும் மிஞ்சும் அயோடின் ஸ்டார்ச்சோடு சேர்ந்து நீல நிறம் காட்டும். ஒரு மூலக்கூறு அமிலத்துக்கு ஒரு மூலக்கூறு அயோடின் என்பது கணக்கு. அவர்களுடைய அயோடின் புட்டியில் 0.0050 மோலார் என்று எழுதியிருந்தது. அப்படியானால் செலவாகும் ஒவ்வொரு மி.லி. அயோடினும் 0.88 மி.கி. வைட்டமினைக் குறிக்கும்.

பியூரெட் அளவுகள் 5.60, 5.60, 5.55 மி.லி. சராசரி 5.58. விடை: 100 மி.லி. சாற்றில் 49 மி.கி. கைதட்டல் முடிந்து கேள்விகள் தொடங்கின.

நம்பிக்கை 1: மூன்று அளவும் ஒத்துப்போனால் விடை சரிதான்

"எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்றதும் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கன்கார்டன்ட் வேல்யூ வந்திருச்சு சார்."

உண்மை என்னவென்றால், ஒத்த அளவுகள் அவர்களுடைய கை நிதானமாக இருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. நுட்பம் வேறு, துல்லியம் வேறு. ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தாலும் அது அதே ஐந்து நிமிடம் முன்னால்தான் காட்டும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால், ஒரு முறை கூடவும் ஒரு முறை குறையவும் வரும் தற்செயல் பிழை சுருங்கும். எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் முறையான பிழை நூறு முறை அளந்தாலும் அப்படியே இருக்கும்.

இவர்கள் விஷயத்தில் ஒரே பக்கம் இழுத்தது எது? அயோடின் புட்டி. அயோடின் எளிதில் ஆவியாகும் பொருள். பொட்டாசியம் அயோடைடு சேர்த்துக் கரைத்தால் பெரும்பகுதி கரைசலில் பிடித்துவைக்கப்படும். ஆனாலும் புட்டியைத் திறந்து திறந்து மூடினால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இந்தப் புட்டி முந்தைய வாரம் தயாரித்தது. மேலே எழுதியிருந்த 0.0050 என்பது தயாரித்த அன்றைய செறிவு. கரைசல் நீர்த்துப்போயிருந்தால் அதே வைட்டமினுக்கு அதிக மி.லி. செலவாகும், நாமோ பழைய செறிவை வைத்தே பெருக்குவோம், விடை உயர்ந்துவிடும். மூன்று முறையும் ஒரே புட்டியிலிருந்து எடுத்ததால் மூன்று முறையும் ஒரே அளவுக்கு உயரும். அதனால்தான் இந்தப் பிழை அளவுகளின் ஒற்றுமையைக் கெடுக்கவில்லை.

நம்பிக்கை 2: பிழைக்குக் காரணம் மனிதப் பிழை

பிழைக்கான காரணங்கள் என்ற தலைப்பில் அவர்களுடைய திரையில் இரண்டே வரி: மனிதப் பிழை, கருவிப் பிழை. எந்தச் செய்முறைக்கும் பொருந்தும் இந்த இரண்டு வரி எந்தச் செய்முறையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

உண்மையான பிழைக் காரணத்துக்கு மூன்று அடையாளம் உண்டு. எந்த இடத்தில் நேர்ந்தது என்று காட்ட முடியும். விடையை ஏற்றுமா இறக்குமா என்று சொல்ல முடியும். எவ்வளவு என்று தோராயமாகவாவது கணக்கிட முடியும்.

மூவரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாறு எப்போது பிழிந்தீர்கள்? காலை ஒன்பதரைக்கு. கடைசித் தரம்பார்த்தல் எப்போது? பதினொன்றரைக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் வைட்டமினைத் தின்றிருக்கும், செம்பு அயனிகள் துளி இருந்தால் இன்னும் வேகமாக. இது விடையை இறக்கும் பிழை. எலுமிச்சையின் புளிப்பு இந்தச் சிதைவைத் தாமதப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. முதலில் அளந்த அதே சாற்றைக் கடைசியாக இன்னொரு முறை அளந்தால் தெரிந்துவிடும். அளவு 5.60-இலிருந்து 5.30-க்கு இறங்கியிருந்தால் நேரம்தான் குற்றவாளி. இறங்கவில்லை என்றால் அந்தக் காரணத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்து, பாதியில் வெளியேறினால் விடை ஏறும். நீலம் லேசாகத் தோன்றி நிலைத்ததும் நிறுத்தாமல், நன்றாகத் தெரியட்டும் என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டால் அதுவும் ஏறும். அயோடின் கரைசல் கருமையாக இருப்பதால் திரவ வளைவின் அடிப்பகுதி தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மேல் விளிம்பையே படித்தால் வித்தியாசம் தானே கழிந்துவிடும். ஒரு முறை மேல், ஒரு முறை அடி என்று படித்தால் கழியாது.

இனி அளவு. பியூரெட்டை ஒரு முறை படிப்பதில் 0.05 மி.லி. வரை ஐயம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம், முடிவு என இரண்டு முறை படிக்கிறோம். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.07 மி.லி. செலவான அயோடின் 20 மி.லி. ஆக இருந்திருந்தால் இது ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதான். ஆனால் இவர்களுக்குச் செலவானது 5.58 மி.லி. மட்டுமே. அதனால் பியூரெட்டைப் படிப்பதில் மட்டுமே நூற்றுக்கு 1.3 பங்கு ஐயம் வந்துவிடுகிறது. 10 மி.லி. சாற்றுக்குப் பதில் 25 மி.லி. எடுத்திருந்தால் அது பாதிக்கும் கீழே போயிருக்கும். "மனிதப் பிழை" என்று எழுதியிருந்த இடத்தில் இந்த ஒரு கணக்கை எழுதியிருந்தால், அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே வந்திருக்கும்.

நம்பிக்கை 3: கட்டுப்பாட்டுச் சோதனை ஒரு சடங்கு

"பிளாங்க் பார்த்தீர்களா?" என்றேன். "பார்த்தோம் சார், சும்மா 0.20 தான் வந்துச்சு. கழிக்கலை."

சாறு இல்லாமல் வெறும் காய்ச்சி வடித்த நீரையும் ஸ்டார்ச்சையும் வைத்துச் செய்வது வெற்றுச் சோதனை. நம் கண்ணுக்கு நீலம் தெரிவதற்கே கொஞ்சம் அயோடின் வேண்டும். அது எவ்வளவு என்பதுதான் அந்த 0.20. அந்த அயோடினை வைட்டமின் தின்னவில்லை, நம் கண் தின்றது. ஆகவே அதைக் கழிக்க வேண்டும். 5.58 இப்போது 5.38 ஆகிறது, விடை 49-இலிருந்து 47-க்கு வருகிறது. சும்மா என்று விட்ட அளவு விடையில் 2 மி.கி.

ஆனால் வெற்றுச் சோதனை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: வைட்டமின் இல்லாத இடத்தில் என் முறை என்ன காட்டுகிறது? புட்டியின் மேல் எழுதியிருக்கும் செறிவு உண்மையா என்று அது கேட்காது. அதைக் கேட்க விடை தெரிந்த மாதிரி வேண்டும். தூய அஸ்கார்பிக் அமிலம் 100 மி.கி. எடை போட்டு, 100 மி.லி. திட்டக்குடுவையில் அன்றே கரைத்தால் ஒரு மி.லி.யில் ஒரு மி.கி. அதில் 5 மி.லி. எடுத்தால் 5.00 மி.கி. புட்டி உண்மை பேசினால் 5.68 மி.லி. அயோடின் செலவாக வேண்டும், வெற்றுச் சோதனையின் 0.20-ஐயும் சேர்த்தால் 5.88.

அங்கேயே செய்து பார்க்கச் சொன்னேன். வந்தது 6.50.

அறையில் சத்தமே இல்லை. 0.20 கழித்தால் 6.30. தெரிந்த 5.00 மி.கி.க்கு 6.30 மி.லி. என்றால் அயோடினின் உண்மையான செறிவு 0.0050 அல்ல, சுமார் 0.0045. புட்டி பத்தில் ஒரு பங்கு நீர்த்துப்போயிருந்தது. இனிப் புட்டியின் எண்ணே வேண்டாம். 6.30 மி.லி.க்கு 5.00 மி.கி. என்றால் 5.38 மி.லி.க்கு 4.27 மி.கி. அதாவது 100 மி.லி. சாற்றில் 43 மி.கி. கைதட்டு வாங்கிய 49 இப்போது 43.

கட்டுப்பாட்டுச் சோதனை செய்தீர்களா என்ற கேள்வி மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரு மின்வேதியியலாளர்கள், பல்லேடியம் மின்முனை வைத்துக் கன நீரை மின்னாற்பகுத்தபோது அணுக்கரு இணைவால் மட்டுமே விளக்கக்கூடிய வெப்பம் கிடைத்ததாக அறிவித்தார்கள். அடுத்த மாதம் டல்லஸில் நடந்த அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் பான்ஸ் ஆயிரக்கணக்கானோர் முன் பேசி முடித்ததும் எழுந்த கேள்வி எளிமையானது: கன நீருக்குப் பதில் சாதாரண நீரை வைத்து இதையே செய்து பார்த்தீர்களா? அவர்களுடைய விளக்கம் சரியென்றால் சாதாரண நீரில் அந்த வெப்பம் வரக் கூடாது. வந்தால் காரணம் இணைவு அல்ல, வேறு ஏதோ. அந்தக் கேள்விக்கு நேரான, தெளிவான பதில் வரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறையின் குழு, காட்டப்பட்ட சான்றுகள் நம்பத் தூண்டுவனவாக இல்லை என்று அறிக்கை தந்தது. தாங்கள் சொல்வது பொய்யானால் எந்த இடத்தில் அது பிடிபடுமோ, அந்த இடத்தில் வைப்பதுதான் கட்டுப்பாட்டுச் சோதனை.

நம்பிக்கை 4: சேர்த்தது முழுவதும் திரும்பக் கிடைத்தால் வேறு எதுவும் குறுக்கிடவில்லை

இது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களின் நம்பிக்கை. பின்வரிசையில் முதுநிலை மாணவர் ஒருவர் கேட்டார்: "சாற்றிலேயே தெரிந்த அளவு வைட்டமினைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே?"

பார்த்தோம். 10 மி.லி. சாற்றோடு 2.00 மி.கி. சேர்த்தால் கூடுதலாக 2.52 மி.லி. அயோடின் செலவாக வேண்டும். செலவானது 2.47. சேர்த்ததில் நூற்றுக்கு 98 பங்கு திரும்பக் கிடைத்தது. சாற்றிலுள்ள வேறு பொருள் எதுவும் சேர்த்த வைட்டமினை அழிக்கவில்லை, முடிவுநிலையையும் குழப்பவில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் இதன் எல்லையும் இங்கேயே இருக்கிறது. கடையில் வாங்கும் சில ஸ்குவாஷ் புட்டிகளில் கெடாமல் இருக்கப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பார்கள். அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் அயோடினைத் தின்னும், அதுவும் ஒன்றுக்கு ஒன்று என்ற அதே கணக்கில். அதன் மூலக்கூறு எடை 64, அஸ்கார்பிக் அமிலத்தின் எடை 176. ஆகவே ஒரு மி.கி. கந்தக டை ஆக்சைடு, 2.75 மி.கி. வைட்டமின் போல வேடம் போடும். இந்த ஸ்குவாஷில் 2 மி.கி. வைட்டமின் சேர்த்துப் பார்த்தாலும் அந்த 2 மி.கி. பத்திரமாகத் திரும்பி வரும். ஏனென்றால் கந்தக டை ஆக்சைடு தின்ற அயோடின் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவு, கழித்தலில் மறைந்துவிடும். மீட்பு நூற்றுக்கு நூறு, விடை முழுத் தவறு!

இதைப் பிடிக்க வேறு கட்டுப்பாடு வேண்டும். சிறிது ஃபார்மால்டிஹைடு சேர்த்துச் சில நிமிடம் விட்டால் அது சல்பைட்டைக் கட்டிப்போடும், வைட்டமினைத் தொடாது. அப்போது அயோடின் செலவு கணிசமாகக் குறைந்தால் வேடக்காரன் உள்ளே இருக்கிறான் என்று பொருள். எந்தச் சோதனையும் எல்லாப் பிழையையும் பிடிக்காது. ஒவ்வொன்றும் தான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்.

நம்பிக்கை 5: ஒத்துவராத அளவை நீக்கிவிடலாம்

"அந்த 5.55-ஐ எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே?" என்றது ஒரு குரல். புள்ளியியலில் இதற்கென்றே கியூ சோதனை இருக்கிறதே என்றும் சொன்னது.

ஒத்துவராத அளவுக்கும் அதன் பக்கத்து அளவுக்கும் உள்ள இடைவெளியை, மொத்தப் பரவலால் வகுப்பதுதான் அந்தச் சோதனை. மூன்று அளவுகளுக்கு அந்த விகிதம் 0.941-ஐத் தாண்டினால் 90 விழுக்காடு நம்பிக்கையோடு நீக்கலாம் என்கிறது அட்டவணை. இங்கே இடைவெளி 0.05, மொத்தப் பரவலும் 0.05. விகிதம் 1. சோதனை 5.55-ஐ நீக்கச் சொல்கிறது! ஒரே ஒரு சொட்டு வித்தியாசத்துக்கு. மூன்றில் இரண்டு அளவு தற்செயலாக ஒன்றாகிவிட்டால் மூன்றாவது எதுவாக இருந்தாலும் விகிதம் 1 தான் வரும். மூன்று அளவுகளை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளில்லை.

நீக்குவதற்கு ஒரே நேர்மையான காரணம், அளக்கும்போதே குறிப்பேட்டில் எழுதப்பட்ட காரணம். குமிழி வெளியேறியது, குடுவை சிந்தியது, முடிவுநிலை தாண்டியது. விடையைப் பார்த்த பிறகு தோன்றும் காரணம் காரணமல்ல.

நம்பிக்கை 6: எல்லாக் குழுவுக்கும் ஒரே விடை வந்தால் அதுவே மறுநிகழ்வு, வேறு விடை வந்தால் யாரோ தவறு

அன்று அதே எலுமிச்சையை அளந்த மற்ற மூன்று குழுக்களுக்கும் 48, 50, 49 என்றே வந்திருந்தது. "நாலு பேருக்கும் ஒண்ணுதானே சார்?" என்றாள் நடுவில் நின்றவள். நான்கு குழுவும் அயோடின் எடுத்தது ஒரே புட்டியிலிருந்து. தவறும் பொது, விடையும் பொது.

அளவியலில் இரண்டையும் பிரித்துச் சொல்வார்கள். அதே ஆள், அதே கருவி, அதே புட்டி, குறுகிய நேரம் என்றால் அது திரும்பச்செய்யும் திறன். வேறு இடம், வேறு ஆள், வேறு கருவி என்று மாறியும் விடை நின்றால்தான் மறுநிகழ்வு. மாறாமல் வைத்திருப்பது எதுவோ, அதிலுள்ள பிழை கண்ணுக்குத் தெரியாது.

வேறு விடை வருவது எப்போதும் தோல்வி அல்ல என்பதற்கு வேதியியலிலேயே பெரிய சாட்சி உண்டு. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். ஒரே கண்ணாடிக் கோளத்தில் நிரப்பி எடை போட்டால், காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் ஏறத்தாழ 2.310 கிராம். வேதிச்சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 2.299 கிராம். அந்தந்த முறைக்குள் அளவுகள் நன்றாக ஒத்துப்போயின, ஆனால் முறைகள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. காற்றிலிருந்து வந்ததை மட்டுமே ஆயிரம் முறை எடை போட்டிருந்தால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. வித்தியாசத்தைச் சராசரியில் புதைக்காமல், 1892-இல் நேச்சர் இதழில் கடிதம் எழுதி, காரணம் யாருக்காவது தெரியுமா என்று வெளிப்படையாகக் கேட்டார். வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்காமல் அது பெரிதாகத் தெரியும்படி சோதனையை மாற்றினார். 1894-இல் அவரும் வில்லியம் ராம்சேயும் காரணத்தைக் கண்டார்கள்: காற்று நைட்ரஜனில் ஒளிந்திருந்த, அதுவரை யாரும் அறியாத கனமான வாயு, ஆர்கான். நூற்றுக்கு அரைப் பங்கு வித்தியாசம் ஒரு தனிமத்தைத் தந்தது.

மறுவாரம் அந்த மூவரும் புது அயோடினைத் தயாரித்து, சோடியம் தயோசல்பேட்டால் செறிவை உறுதிசெய்து, முதல் வாரமே உறையவைத்திருந்த சாற்றை வேறு பியூரெட்டில் அளந்தார்கள். 42 வந்தது. திரையில் இம்முறை அவர்கள் எழுதியது: "100 மி.லி.க்கு 43 மி.கி., 1 கூடவோ குறையவோ இருக்கலாம். முதலில் சொன்ன 49 தவறு. காரணம்: அயோடின் நீர்த்திருந்தது, விடையை 4.6 மி.கி. ஏற்றியது, வெற்றுச் சோதனையைக் கழிக்காதது 1.8 மி.கி. ஏற்றியது. கண்டுபிடித்தது: தெரிந்த அளவு அஸ்கார்பிக் அமிலம் வைத்து."

இடம், திசை, அளவு, பிடித்த விதம் என்று நான்கும் அதில் இருந்தன. அன்று கேள்வி நேரத்தில் யாரும் கை தூக்கவில்லை.